பணம் வந்துவிட்டது, வருமானம் இன்னும் வரவில்லை

கேள்வி: என் கணவரும் அவருடைய நண்பரும் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறார்கள். அலுவலகங்களின் கணினிகளை ஆண்டு ஒப்பந்தத்தில் பராமரித்துக் கொடுப்பதுதான் தொழில். ஒப்பந்தம் தொடங்கும்போதே முழு ஆண்டுக்கும் இன்வாய்ஸ் போட்டு வாங்கிவிடுவோம். கணக்கு எழுதுவது நான். இன்வாய்ஸ் போட்ட அன்றே முழுத் தொகையையும் வருமானமாக எழுதிவந்தேன். சென்ற ஆண்டு 18,00,000-க்கு இன்வாய்ஸ் போட்டோம். நல்ல லாபம் என்று இருவரும் பங்கு எடுத்துக்கொண்டார்கள். இப்போது வந்திருக்கும் புது ஆடிட்டர், டிசம்பர் 31 அன்று அதில் 10,20,000 உங்கள் வருமானமே இல்லை, கடன் என்கிறார். பணம் வங்கிக்கு வந்துவிட்டது. திருப்பித் தர வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. விற்பனை வரிகூடக் கட்டியாயிற்று. அப்புறம் எப்படி அது கடன்? அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டுமா? மாதாமாதம் எப்படி எழுதுவது? ஒரு வாடிக்கையாளர் நடுவில் நிறுத்தப்போவதாகச் சொல்கிறார், இன்னொருவர் பணமே தரவில்லை. அவற்றை என்ன செய்வது? சென்ற ஆண்டு லாபத்தில் 10,20,000 போய்விட்டதா? தூக்கம் வரவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தூக்கமாவது வரட்டும். சென்ற ஆண்டு லாபத்தில் 10,20,000 போகவில்லை. குறைவது அதைவிடச் சிறிய தொகையாகத்தான் இருக்கும். எவ்வளவு, ஏன் என்பதைக் கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஆனால் ஆடிட்டர் சொன்னது சரி. டிசம்பர் 31 அன்று உங்கள் பேலன்ஸ் ஷீட்டில் 10,20,000 பொறுப்பாக இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதில்தான் உங்கள் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

ஏன் அது கடன்?

உங்கள் தொழிலில் மூன்று தேதிகள் இருக்கின்றன. இன்வாய்ஸ் போடும் தேதி, பணம் வரும் தேதி, வேலை செய்து கொடுக்கும் காலம். நீங்கள் முதல் தேதியை வைத்து வருமானம் எழுதியிருக்கிறீர்கள். கணக்கியல் பார்ப்பது மூன்றாவதை மட்டும்தான். செப்டம்பரில் ஒருவர் ஓராண்டுக்குப் பணம் கட்டினால், அடுத்த செப்டம்பர் வரை அவருடைய கணினி படுத்துவிட்டால் ஓடிப்போய்ப் பார்க்க நீங்கள் கடமைப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கடமைதான் கடன். அதைப் பணமாக அடைக்கப்போவதில்லை, உழைப்பாக அடைக்கப்போகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

‘திருப்பித் தர வேண்டாம்’ என்ற வரி உங்களைக் குழப்பியிருக்கிறது. பலரையும் குழப்புகிற வரிதான் அது. பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதால் வேலையையும் செய்து தர வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. அந்த வரி வாடிக்கையாளர் விலகினால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது. அவர் விலகாமல் இருக்கும் வரை உங்கள் கடமை அப்படியே நிற்கிறது, எனவே பொறுப்பும் நிற்கிறது.

விற்பனை வரி கட்டிவிட்டதையும் சாட்சியாகச் சொல்கிறீர்கள். அந்த வரி எப்போது கட்ட வேண்டும் என்பதை வரிச் சட்டம் சொல்கிறது. வருமானம் எப்போது எழுத வேண்டும் என்பதைக் கணக்கியல் தரம் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு கடிகாரங்கள். பல நாடுகள் பின்பற்றும் பன்னாட்டுத் தரமான ஐ.எஃப்.ஆர்.எஸ். 15, 2014-ல் வெளியாகி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடிக்கையாளருக்குச் சேவை போய்ச் சேரச் சேர வருமானம் எழுத வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இன்னும் செய்து தராத பகுதியை அது ‘ஒப்பந்தப் பொறுப்பு’ என்கிறது. உங்கள் மென்பொருளில் ‘டெஃபர்டு ரெவன்யூ’ என்று இருக்கும், பாடப்புத்தகத்தில் ‘முன்கூட்டிப் பெற்ற வருமானம்’. பெயரில் வருமானம் இருந்தும் அது பொறுப்புப் பக்கத்தில் உட்காருகிறது. இந்தப் பெயரை வைத்தவர் நமக்கு நல்லது செய்யவில்லை. நான் இங்கே ‘ஒத்திவைத்த வருமானம்’ என்று எழுதுகிறேன்.

ஓர் ஒப்பந்தத்தை முழுதாகப் பார்ப்போம்

ஒரு வாடிக்கையாளரின் ஒப்பந்தம் செப்டம்பர் 16-ல் தொடங்கி அடுத்த ஆண்டு செப்டம்பர் 15-ல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தொகை 73,000. விற்பனை வரி 10 சதவீதம், அதாவது 7,300. இன்வாய்ஸ் 80,300-க்கு. வரி விகிதம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டது, உங்கள் விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சேவை தொடங்கும் அன்று இன்வாய்ஸ் போடும்போது எழுத வேண்டிய பதிவு இது:

வாடிக்கையாளர் கணக்கு, பற்று 80,300
ஒத்திவைத்த வருமானம், வரவு 73,000
செலுத்த வேண்டிய விற்பனை வரி, வரவு 7,300

வரித் தொகை ஒத்திவைத்த வருமானத்துக்குள் போகவே கூடாது என்பதைக் கவனியுங்கள். அது ஒருநாளும் உங்கள் வருமானம் ஆகப்போவதில்லை. நீங்கள் அரசுக்காக வசூலித்துக் கொடுப்பவர், அவ்வளவுதான். 80,300-ஐயும் தூக்கி ஒத்திவைத்த வருமானத்தில் போட்டுவிட்டு, மாதாமாதம் கொஞ்சம் வரியையும் சேர்த்து வருமானமாக எடுத்துக்கொண்டிருந்த கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் வரும்போது வங்கி பற்று 80,300, வாடிக்கையாளர் வரவு 80,300. இந்தப் பதிவு வருமானத்தையும் தொடவில்லை, ஒத்திவைத்ததையும் தொடவில்லை. பணம் அன்றே வந்தாலும் சரி, இரண்டு மாதம் கழித்து வந்தாலும் சரி, வருமானம் அதன் பாட்டுக்கு நகரும்.

இனி மாத விடுவிப்பு. இந்த ஒப்பந்தத்துக்கு 365 நாள். 73,000-ஐ 365-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 200. செப்டம்பரில் 16 முதல் 30 வரை 15 நாள், எனவே 3,000. அக்டோபர் 31 நாள், 6,200. நவம்பர் 6,000. டிசம்பர் 6,200. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரே பதிவு: ஒத்திவைத்த வருமானம் பற்று, சேவை வருமானம் வரவு. செப்டம்பர் 30 அன்று 3,000-க்கு, அக்டோபர் 31 அன்று 6,200-க்கு, இப்படியே போகும்.

டிசம்பர் 31 அன்று 107 நாள் சேவை முடிந்திருக்கும். வருமானம் 21,400. மிச்சம் 258 நாள், 51,600. இந்த 51,600-தான் பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்பாக நிற்கிறது. நீங்கள் எழுதிய முறையில் 73,000-மும் அந்த ஆண்டு வருமானமாகப் போயிருக்கும்.

‘நாள் கணக்கு எதற்கு, பன்னிரண்டால் வகுத்தால் போதாதா’ என்று கேட்பீர்கள். போதும். 73,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 6,083.33. முதல் மாதமும் கடைசி மாதமும் அரை மாதம் என்று எடுத்துக்கொண்டால், டிசம்பர் வரை மூன்றரை மாதத்துக்கு 21,291.67 வரும். நாள் கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் நூற்றுச் சொச்சம்தான். எந்த முறை என்பது பெரிய விஷயம் இல்லை. எல்லா ஒப்பந்தத்துக்கும், எல்லா ஆண்டுக்கும் ஒரே முறை என்பதுதான் முக்கியம். மாதக் கணக்கில் போனால் சில்லறை மிச்சத்தைக் கடைசி மாதத்தில் சேர்த்து, இருப்பைச் சுத்தமாகப் பூஜ்யம் ஆக்கிவிடுங்கள். நாள் கணக்கில் போனால், பிப்ரவரி 29 இடையில் வருகிற ஒப்பந்தத்தை 366-ஆல் வகுக்க வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும். அந்த வாடிக்கையாளர் மூன்று மாதமாக ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை, அப்போதும் வருமானம் எழுதலாமா? எழுதலாம். நீங்கள் விற்பது ‘எப்போது கூப்பிட்டாலும் வருவோம்’ என்ற தயார்நிலையை. அது ஒவ்வொரு நாளும் சமமாகக் கரைகிறது, அதனால்தான் சமமாக விடுவிக்கிறோம். ஆனால் ஒப்பந்தத்தில் தயார்நிலை எதுவும் இல்லாமல், ‘ஆண்டுக்கு நான்கு முறை வந்து சுத்தம் செய்து தருவோம்’ என்று மட்டும் இருந்தால் நாள் கணக்கு பொருந்தாது. ஒவ்வொரு வருகை முடிந்ததும் கால் பங்கு என்று விடுவிப்பதே நேர்மையானது. உங்கள் ஒப்பந்தங்களில் இரண்டு வகையும் கலந்திருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அட்டவணைதான் உங்கள் இரண்டாவது பேரேடு

ஒப்பந்தம் நாற்பது ஐம்பது ஆகும்போது இதைக் கையால் எழுதினால் கண்டிப்பாகத் தவறும். ஒரு எக்செல் தாள் போதும். A நெடுவரிசையில் வாடிக்கையாளர் பெயர், B-யில் வரி நீங்கிய தொகை, C-யில் சேவை தொடங்கும் தேதி, D-யில் முடியும் தேதி. முதல் வரிசையில் E1 தொடங்கி வலப்பக்கமாக ஒவ்வொரு மாதத்தின் கடைசித் தேதியையும் போடுங்கள். E2-வில் இந்தச் சூத்திரம்:

```
=ROUND($B2*MAX(0,MIN($D2,E$1)-MAX($C2,EOMONTH(E$1,-1)+1)+1)/($D2-$C2+1),2)
```

ஒப்பந்தக் காலமும் அந்த மாதமும் எத்தனை நாள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன என்று எண்ணி, அந்தப் பங்கை இது எடுத்துக் கொடுக்கும். வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இழுத்துவிட்டால் முடிந்தது. மாத நெடுவரிசையின் கூட்டுத்தொகைதான் அந்த மாதத்தின் ஜர்னல் பதிவு. இன்றைய தேதிக்குப் பிறகுள்ள மாதங்களின் கூட்டுத்தொகைதான் பேரேட்டில் இருக்க வேண்டிய இருப்பு.

C நெடுவரிசையில் இன்வாய்ஸ் தேதியைப் போட்டுவிடாதீர்கள். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஓரிடத்தில் இதைத்தான் செய்து மாட்டிக்கொண்டேன். அங்கே புதுப்பித்தல் இன்வாய்ஸை ஒரு மாதம் முன்னதாகவே அனுப்பும் வழக்கம். நான் இன்வாய்ஸ் தேதியிலிருந்தே விடுவித்துக்கொண்டு போனேன். பழைய ஒப்பந்தத்தின் கடைசி மாதமும் புதிய ஒப்பந்தத்தின் முதல் மாதமும் ஒரே மாதத்தில் வருமானமாகிவிட்டன. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு மாதம் இரட்டை வருமானம்! கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருந்ததால் எட்டு மாதம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? மாதக் கடைசியில் பேரேட்டு இருப்பையும் அட்டவணையின் மிச்சத்தையும் ஒப்பிடுங்கள். ஓர் இன்வாய்ஸின் தொகை அளவுக்கு வித்தியாசம் வந்தால், யாரோ ஓர் இன்வாய்ஸை நேராக வருமானத்தில் எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம். பிறகு வாடிக்கையாளர் வாரியாக இருப்பைப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்தவருக்கு இன்னும் இருப்பு இருந்தால் விடுவிக்க மறந்திருக்கிறோம். ஒருவருக்குப் பற்று இருப்பு இருந்தால் வாங்கியதைவிட அதிகம் விடுவித்திருக்கிறோம். என்னுடைய அந்தப் பழைய தவறு மாதிரியானவை இந்த இரண்டிலும் சிக்காது, ஏனென்றால் அங்கே அட்டவணையே தப்பு. அதற்கு ஒப்பந்தத்தை எடுத்துத் தொடக்கத் தேதியைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாதம் ஐந்து ஒப்பந்தம் எடுத்துப் பார்த்தால் போதும்.

நடுவில் நிறுத்தும் வாடிக்கையாளர்

மேலே சொன்ன அதே 73,000 ஒப்பந்தக்காரர் பிப்ரவரி 28-உடன் நிறுத்திக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை 166 நாள், வருமானம் 33,200. மிச்சம் 39,800. இந்த 39,800-ஐ என்ன செய்வது என்பது நீங்கள் அவருக்குப் பணம் திருப்பித் தருகிறீர்களா என்பதைப் பொறுத்தது.

திருப்பித் தருவதாக இருந்தால் அது ஒருநாளும் வருமானக் கணக்கின் வழியாகப் போகக் கூடாது. ஒத்திவைத்த வருமானத்தில் 39,800 பற்று, அதற்கான வரி 3,980 பற்று, வங்கி 43,780 வரவு, கூடவே ஒரு கிரெடிட் நோட். (அந்த 3,980-ஐ வரித்துறையிடம் சரிக்கட்டிக்கொள்ள உங்கள் நாட்டுச் சட்டம் கால எல்லை வைத்திருக்கலாம், ஆடிட்டரிடம் கேளுங்கள்.) பலர் திருப்பித் தந்ததைச் செலவாக எழுதிவிட்டு, ஒத்திவைத்த வருமானத்தை வழக்கம்போல் செப்டம்பர் வரை விடுவித்துக்கொண்டே போகிறார்கள். ஆண்டு முடிவில் லாபம் ஒத்துப்போகும். நடுவில் ஒவ்வொரு மாதமும் பொய்.

திருப்பித் தரத் தேவையில்லை என்ற உங்கள் ஒப்பந்த வரி செல்லுபடியாகிறது என்றால், இங்கேதான் அது வேலை செய்கிறது. ஒப்பந்தம் முறையாக முடிந்த அன்று உங்கள் கடமை தீர்கிறது. அன்றே 39,800-மும் மொத்தமாக வருமானமாகும். ‘முறையாக’ என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். அவர் போனில் கோபமாக ‘இனி வர வேண்டாம்’ என்று சொன்னது போதாது. அடுத்த வாரம் சர்வர் நின்றுவிட்டால் அவரே கூப்பிடுவார், நீங்களும் போவீர்கள். எழுத்தில் ரத்துக் கடிதம் வரும் வரை மாதாமாத விடுவிப்பையே தொடருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. அந்த ‘திருப்பித் தர வேண்டாம்’ வரியை எல்லா நாட்டுச் சட்டமும் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று இல்லை. அவர் வழக்குக்குப் போகக்கூடியவர் என்று தோன்றினால், மொத்தத்தையும் வருமானமாக்கும் முன் வழக்கறிஞரிடம் ஒருமுறை ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள்.

பணம் தராத வாடிக்கையாளர்

இதில் உங்கள் கடிதம் ஒரு விவரத்தைச் சொல்லவில்லை: அவருக்குச் சேவை தொடங்கிவிட்டதா, இல்லையா?

தொடங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் நடுவில் இன்வாய்ஸ் அனுப்பினீர்கள், சேவை ஜனவரியில் தொடங்குகிறது, பணம் தரும் வரை அவர் எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அப்படியானால் டிசம்பர் 31 அன்று அவர் உங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை, நீங்களும் அவருக்கு எதுவும் செய்து தர வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் காற்று. ஆண்டு முடிவில் வாடிக்கையாளர் பாக்கியிலிருந்தும் ஒத்திவைத்த வருமானத்திலிருந்தும் அந்தத் தொகையை எடுத்துவிட வேண்டும். லாபம் மாறாது. ஆனால் எடுக்காவிட்டால் சொத்தும் பொறுப்பும் இரண்டுமே வீங்கித் தெரியும். ஆடிட்டர் சொன்ன 10,20,000-ல் இப்படிப்பட்டவை கலந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். பணம் வராத இன்வாய்ஸ்களைத் தனியாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் அவருக்கும் வசதி.

சேவை தொடங்கிவிட்டது, பணம் மட்டும் வரவில்லை என்றால் கதை வேறு. அதே 73,000 ஒப்பந்தத்தில், பணம் வராததால் டிசம்பர் 31-உடன் நீங்கள் சேவையை நிறுத்தி ஒப்பந்தத்தையும் முறித்துவிட்டீர்கள் என்று கொள்வோம். செய்து கொடுத்த 21,400 உங்களுக்கு நியாயமாக வர வேண்டியது. அது வராவிட்டால் அதுதான் வாராக்கடன். மிச்சம் 51,600-க்கு நீங்கள் வேலையே செய்யவில்லை, எனவே அதில் நட்டமும் இல்லை. ஒத்திவைத்த வருமானம் பற்று, வாடிக்கையாளர் வரவு என்று அதைத் திருப்பிவிட்டால் போதும். அதன் வரிக்குக் கிரெடிட் நோட். 80,300-ஐயும் வாராக்கடன் என்று எழுதினால், சம்பாதிக்காத பணத்தை இழந்ததாகக் காட்டுகிறீர்கள். ஒருபக்கம் பெரிய நட்டம், இன்னொரு பக்கம் யாருக்கும் செய்து தர வேண்டாத 51,600 பொறுப்பு. அது மாதாமாதம் வருமானமாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

சென்ற ஆண்டை எப்படித் திருத்துவது?

இப்போது 10,20,000-க்கு வருகிறேன். நீங்கள் பல ஆண்டாக இதே முறையில் எழுதிவந்திருக்கிறீர்கள் என்றால், சென்ற ஆண்டின் தொடக்கத்திலும் இதே தவறு உள்ளே இருந்திருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு போட்ட இன்வாய்ஸ்களில் ஒரு பகுதிக்கான சேவையைச் சென்ற ஆண்டில்தான் செய்து முடித்தீர்கள். அந்தப் பகுதி சென்ற ஆண்டு வருமானமாக வந்திருக்க வேண்டும். நீங்களோ அதை முந்தைய ஆண்டிலேயே எழுதிவிட்டீர்கள்.

முந்தைய ஆண்டின் டிசம்பர் 31 அன்று முடியாத சேவை 7,40,000 என்று வைத்துக்கொள்வோம். (உண்மை எண்ணை அதே எக்செல் தாளில் பழைய ஒப்பந்தங்களைப் போட்டால் எடுத்துவிடலாம்.) சென்ற ஆண்டின் சரியான வருமானம்: தொடக்க இருப்பு 7,40,000, கூட்டல் போட்ட இன்வாய்ஸ் 18,00,000, கழித்தல் இறுதி இருப்பு 10,20,000. ஆக 15,20,000. நீங்கள் எழுதியது 18,00,000. லாபத்தில் மிகை 2,80,000 மட்டுமே.

மீதி 7,40,000 அதற்கு முந்தைய ஆண்டுகளின் மிகை. தொழில் வளர வளர ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. தொழில் வளராமல் அப்படியே நின்றிருந்தால் ஒவ்வொரு ஆண்டு லாபமும் கிட்டத்தட்டச் சரியாகவே வந்திருக்கும். அதனால்தான் இந்தத் தவறு இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. வளர்கிற நிறுவனம் லாபத்தைக் கூட்டிக் காட்டும். ஒப்பந்தங்கள் குறையத் தொடங்கும் ஆண்டில் அதே முறை நட்டத்தைக் கூட்டிக் காட்டும், அதுதான் பயங்கரமானது.

இந்த 10,20,000-ஐ இந்த ஆண்டுச் செலவாக எழுதிவிடாதீர்கள். ‘ஒரே பதிவில் முடித்துவிடலாமே’ என்று தோன்றும். இந்த ஆண்டு லாபம் அதனால் பாதாளத்துக்குப் போகும், தவறோ இந்த ஆண்டுடையது அல்ல. முந்தைய காலப் பிழை என்று, சென்ற ஆண்டு எண்களையும் பங்குதாரர்களின் தொடக்க மூலதனத்தையும் திருத்த வேண்டும். அதன் பிறகு ஒரு நல்ல செய்தி. அந்த 10,20,000 எங்கும் காணாமல் போகவில்லை. எல்லாம் ஓராண்டு ஒப்பந்தங்கள், ஆகவே இந்த டிசம்பருக்குள் மாதாமாதம் முழுவதும் வருமானமாக வந்து சேரும். லாபத்தின் மீதான வரியை ஏற்கெனவே முழுத் தொகைக்குக் கட்டியிருந்தால் என்ன செய்வது என்பது மட்டும் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. முன்பணத்துக்கு வந்த ஆண்டிலேயே வரி கேட்கும் சட்டங்களும் உண்டு. அப்படியானால் கணக்கைத் திருத்தினாலும் வரி திரும்பாது, இந்த ஆண்டு விடுவிக்கும் வருமானத்துக்கு மறுபடி வரி கட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

தனி வங்கிக் கணக்கு வேண்டுமா?

வேண்டாம். சட்டமோ ஒப்பந்தமோ குறிப்பாகக் கேட்டாலொழிய அந்தப் பணம் உங்களுடையது, செலவு செய்யலாம். பொறுப்பு என்பது பேரேட்டின் ஒரு பக்கம், ரொக்கம் இன்னொரு பக்கம். மாதாமாத விடுவிப்பில் ஒரு காசுகூட வங்கியில் நகர்வதில்லை.

ஆனால் பங்குதாரர்கள் எவ்வளவு எடுக்கலாம் என்பது வேறு கேள்வி, உங்கள் வீட்டில் உண்மையில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். 10,20,000 பொறுப்பை அடைக்க 10,20,000 ரொக்கம் தேவைப்படாது. அந்தச் சேவையைச் செய்து கொடுக்க ஆகும் செலவுதான் தேவை. டெக்னீஷியன் சம்பளம், பயணம், உதிரிபாகம் எல்லாம் சேர்ந்து உங்கள் வருமானத்தில் 60 சதவீதம் என்றால், 6,12,000 இருந்தால் எல்லா ஒப்பந்தத்தையும் முடித்துக் கொடுத்துவிடலாம். வங்கி இருப்பிலிருந்து இதையும் கட்ட வேண்டிய வரிகளையும் மற்ற கடன்களையும் கழித்து, வாடிக்கையாளர் கேட்டால் திருப்பித் தர வேண்டியிருக்கும் தொகைக்கும் கொஞ்சம் ஒதுக்கி, மிச்சத்துக்குள் எடுத்தால் நிறுவனம் தாங்கும். வங்கியில் 5,00,000-தான் இருக்கிறது, அடுத்த ஆண்டுப் புதுப்பித்தல் பணத்தில்தான் இந்த ஆண்டு சம்பளம் ஓடப்போகிறது என்றால், எடுத்தது அதிகம். புதுப்பித்தல் ஒரு மாதம் தள்ளிப்போனாலே அது தெரிந்துவிடும்.

சென்ற ஆண்டு சரிபாதி பங்கு என்றால், அந்த ஆண்டுக்கு மட்டும் ஒவ்வொருவரும் மிகையாக எடுத்தது 1,40,000. அதை உடனே பணமாகத் திருப்பிப் போடச் சொல்ல வேண்டியதில்லை. திருத்திய மூலதனக் கணக்கில் அவரவர் இருப்பு குறைந்து தெரியும். இந்த ஆண்டு எடுப்பதில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் போதும். உங்கள் கணவரின் நண்பரிடம் இதைச் சொல்லும்போது 10,20,000 என்ற எண்ணோடு பேச்சைத் தொடங்காதீர்கள். 73,000 ஒப்பந்தம் ஒன்றை எடுத்து, டிசம்பர் 31 அன்று நாம் கடையைச் சாத்தியிருந்தால் இவருக்கு இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று கேளுங்கள். 258 நாள் என்று அவரே சொல்லிவிடுவார்.